பிப்ரவரி சம்பளத்தில் பாதியைக் காணோமா? வரிச் சான்று விஷயத்தில் நடக்கும் தவறுகள்

நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த வாரத்தில் எங்கள் சுற்றறிக்கை போகும்: “வருமான வரிக் கழிவுக்கான சான்றுகளை ஜனவரி 20-க்குள் ஒப்படைக்கவும்.” அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ், சுசீந்திரம் தேர், பொங்கல் என்று வரிசையாக விடுமுறை வரும். சுற்றறிக்கையை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? ஜனவரி 19 மாலை ஐந்து மணிக்கு என் மேஜை முன்னால் வரிசை நிற்கும். அதிலும் வராத நாலைந்து பேர் பிப்ரவரி கடைசியில் வருவார்கள்.

“சார், இது என்னவாக்கும்? சம்பளத்துல பாதியக் காணல்ல!”

அப்படி வந்த மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரின் கணக்கை இங்கே விரித்துச் சொல்கிறேன். நடந்தது 2024-25 நிதியாண்டில். சேமிப்புக்கும் வாடகைக்கும் கழிவு கிடைக்கும் பழைய வரி முறையில் இருந்தார். மாதச் சம்பளம் 90,000, ஆண்டுக்கு 10,80,000. ஏப்ரலில் அவர் கொடுத்த உத்தேசப் பட்டியலில் வீட்டு வாடகைப் படி விலக்கு 1,26,000, 80சி கணக்கில் 1,50,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு 50,000, தனக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 60,000 என்று இருந்தது. சம்பளக்காரர் எல்லாருக்கும் ரசீது இல்லாமலே கிடைக்கும் நிலைக் கழிவு 50,000-ஐயும் எடுத்தால் வரிக்குரிய வருமானம் 6,44,000. செஸ் சேர்த்து வரி 42,952. பன்னிரண்டால் வகுத்து மாதம் சுமார் 3,580 பிடித்தோம்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ஏப்ரலில் கொடுப்பது வாக்குறுதி மட்டுமே. அதை நம்பி அலுவலகம் குறைவாகப் பிடிக்கும். அந்த வாக்குறுதிக்கு ஆதாரம் கேட்பது டிசம்பர், ஜனவரியில்தான். 12பிபி படிவமும் அதோடு ரசீதுகளும் வர வேண்டும். “ஏப்ரல்லயே எல்லாம் கொடுத்தாச்சே சார்” என்று சொல்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

சான்று வரவில்லையென்றால் நாங்கள் எதை எடுக்க முடியும்? எங்கள் கையாலேயே பிடிக்கிற பி.எஃப் மட்டும் தெரியும், அவருக்கு 64,800. அதையும் நிலைக் கழிவையும் எடுத்தால் வருமானம் 9,65,200. வரி 1,09,762. ஜனவரி வரை பத்து மாதத்தில் பிடித்தது 35,793 ரூபாய். மீதி 73,969-ஐ இரண்டு சம்பளத்தில் பிடித்தாக வேண்டும். மாதம் 36,984 ஆகிறது. பி.எஃப் போக 81,000 சொச்சம் கைக்கு வந்துகொண்டிருந்தவருக்குப் பிப்ரவரியில் 47,616 வந்தது. (தொழில் வரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) வீட்டுக் கடன் தவணைக்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்ததாகப் பின்னால் சொன்னார்.

“கொஞ்சம் பொறுத்துப் பிடிங்க சார், மார்ச்சில ரசீது தாறேன்” என்பார்கள். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் முடியாது. மார்ச் மாதம் பிடித்த வரியை அலுவலகம் ஏப்ரல் 30-க்குள் அரசுக்குக் கட்ட வேண்டும், மே 31-க்குள் அந்தக் காலாண்டின் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், ஜூன் 15-க்குள் ஊழியருக்கு பாரம் 16 தர வேண்டும். குறைவாகப் பிடித்தால் அலுவலகமே கடன்பட்டதாகும், மாதம் 1 சதவீதம் வட்டியும் உண்டு. ஜனவரி 20 என்ற தேதி சட்டத்தில் இல்லை, நாங்கள் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தேதி வைத்திருக்கும். பிப்ரவரி சம்பளப் பட்டியல் மூடுவதற்குள் காகிதங்களைச் சரிபார்க்க ஒரு மாதமாவது தேவை என்பதால் அந்தத் தேதி.

சரி, தேதியைத் தவறவிட்டால் பணம் போய்விடுமா? போகாது. அதிகமாகப் பிடித்ததைக் கணக்கு தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்கலாம். ரசீதுகள் நிதியாண்டுக்குள், அதாவது மார்ச் 31-க்குள் கட்டியவையாக இருந்தால் போதும். மார்த்தாண்டத்துக்காரரும் தாக்கல் செய்து 66,810-ஐத் திரும்ப வாங்கினார். ஆனால் அடகு வட்டியை யார் தருவார்?

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பழைய முறையைத் தேர்ந்தெடுத்துத் தாக்கல் செய்ய வேண்டுமென்றால் உரிய கடைசித் தேதிக்குள் செய்ய வேண்டும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக அது ஜூலை 31. (அந்த ஆண்டு செப்டம்பர் 16 வரை நீட்டினார்கள், எல்லா ஆண்டும் அப்படி நீளாது.) தேதி தாண்டினால் புதிய முறையில்தான் கணக்கு. அவருக்கு அந்த ஆண்டு புதிய முறையில் வரி 52,780. அதாவது தாமதமாகத் தாக்கல் செய்திருந்தால் 9,828 ரூபாய் போயிருக்கும், அதற்கு மேல் 5,000 தாமதக் கட்டணமும் உண்டு.

இனி, சான்று கொடுத்தும் நிராகரிக்கப்படுவது. எனக்கு அதிக வேலை வைப்பது வீட்டு வாடகை ரசீதுதான். பன்னிரண்டு ரசீதும் ஒரே பேனா, ஒரே சாய்வு, கையெழுத்து மட்டும் கொஞ்சம் நடுங்கியிருக்கும். ஒரே ராத்திரியில் எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். தவறு என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்காரர் வருஷ முடிவில் ஒன்றாக எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் பணம் கொடுத்தது வங்கிக் கணக்கில் தெரிந்தால்தான் பின்னால் யாரும் கேட்கும்போது பதில் இருக்கும். ரொக்கமாக ஒரே தடவையில் 5,000-க்கு மேல் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், அதாவது மாதம் 8,333-க்கு மேல் என்றால், வீட்டுக்காரரின் பான் எண் கட்டாயம். “பான் கேட்டா வீட்ட காலி பண்ணச் சொல்லிருவார் சார்” என்று என்னிடம் புலம்பியவர்கள் உண்டு. அதற்கு என்னிடம் வழியில்லை. பான் இல்லாமல் அந்த விலக்கை அலுவலகம் தராது.

விலக்கின் தொகையிலும் குழப்பம். கொடுத்த வாடகை முழுவதும் கழியாது. மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான்: வாங்கிய படி, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதம் போக மீதி, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம். (சென்னையில் 50 சதவீதம், நாகர்கோவிலில் 40.) மார்த்தாண்டத்துக்காரரின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 5,40,000. வாடகை 1,80,000, பத்து சதவீதம் 54,000 போக 1,26,000. அவர் வாங்கிய படி 2,16,000, 40 சதவீதமும் 2,16,000. ஆகவே 1,26,000.

நம் மாவட்டத்துக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று. இங்கே வாடகை வீடுகளில் நிறைய வளைகுடாவில் இருப்பவர்களுடையவை. மாமனாரோ மச்சினனோ வந்து வாடகையை வாங்கிப் போவார். ரசீதில் அவர் கையெழுத்து, பான் எண் உரிமையாளருடையது. வரிச் சட்டப்படி உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை கொடுக்கும் நீங்களே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று 195-வது பிரிவு சொல்கிறது. விகிதம் 30 சதவீதமும் செஸ்ஸும். தொகை சின்னது என்று விலக்கு இல்லை. இது தெரியாமல் பான் எண்ணை எழுதிக் கொடுப்பவர்கள் அதிகம். வீட்டுக்காரர் எங்கே வசிக்கிறார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அப்பாவுக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டுவதும் நடக்கும். வீடு அப்பா பெயரில் இருக்க வேண்டும், பணம் உண்மையிலேயே அவர் கணக்குக்குப் போக வேண்டும், அவர் தன் வருமானத்தில் அதைக் காட்ட வேண்டும். மூன்றும் இருந்தால் தவறில்லை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பொய்க் கழிவு பிடிபட்டால் கட்டாமல் விட்ட வரியின் 200 சதவீதம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. 2025 ஜூலையில் இப்படிப் பொய்க் கழிவுகள் தொடர்பாக வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது.

80சி-யில் நான் திருப்பி அனுப்புபவை: சீட்டுப் பணம் கட்டிய ரசீது (சீட்டு சேமிப்புதான், கழிவு இல்லை), அம்மா பெயரில் எடுத்த ஆயுள் காப்பீட்டு ரசீது (நீங்கள், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் மட்டும்), பள்ளிக் கட்டணச் சீட்டில் வேன் கட்டணத்தையும் புத்தகத்தையும் சேர்த்துக் கூட்டியது. மருத்துவக் காப்பீட்டில் இதற்கு நேர்மாறு, பெற்றோருக்குக் கட்டியதும் கழியும், ஆனால் ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. மார்ச்சில் கட்ட வேண்டிய காப்பீட்டுத் தவணைக்கு ஜனவரியில் ரசீது இருக்காது. அதற்குப் போன வருஷ ரசீதும் எழுத்தில் ஒரு உறுதியும் வாங்கிக்கொள்கிறோம். எல்லா அலுவலகமும் ஏற்காது, முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

இத்தனையும் பழைய முறைக்காரர்களுக்கு. 2025-26 ஆண்டில் புதிய முறையில் 12,75,000 வரை சம்பளம் இருந்தால், வேறு வருமானம் இல்லாதபட்சத்தில், வரியே கிடையாது. ரசீது எதுவும் வேண்டாம். பழக்கதோஷத்தில் பழைய முறையையே எழுதிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதியே கொடுக்காதவர்களை நாங்கள் புதிய முறையில் வைத்துவிடுகிறோம், சட்டத்தின் இயல்பு ஏற்பாடு அதுதான். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் வேறு. நான் எழுதியது 2025-26 வரைக்கானது.)

மார்த்தாண்டத்துக்காரர் 2025 ஏப்ரலில் புதிய முறைக்கு மாறினார். சம்பளம் அதே 10,80,000, வரி பூஜ்யம். டிசம்பரில் வழக்கம்போல் சுற்றறிக்கை அவருக்கும் போனது. அன்று மத்தியானமே ஒரு கவரில் ரசீதுகளோடு என் மேஜை முன் வந்து நின்றார்.

“இந்தத் தடவ நாந்தான் முதல்ல, பாத்தீங்களா சார்?”

உங்களுக்கு இது தேவையில்லை என்று சொல்ல ரொம்ப நேரம் ஆனது.