ஃப்ரேம் டேட்டா: மைனஸ் எண்ணைத் தப்பாகப் படிக்காதீர்கள்

சண்டை கேம்களுக்குப் புதிதாக வருபவர்களோடு ஆடும்போதெல்லாம், ஒருகாலத்தில் நான் செய்த அதே தவறுகளைப் பார்க்கிறேன். ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் 60-இல் ஒரு பங்கு என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு அடியின் ஃப்ரேம் கணக்கையும் தரும் அட்டவணையில் எந்த எண் எதற்கு என்பதில்தான் வழுக்குகிறார்கள்.

ஸ்டார்ட்அப்பை மட்டும் பார்ப்பது

அடி எத்தனையாவது ஃப்ரேமில் விழும் என்பதை மட்டுமே அது சொல்லும். தடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

மைனஸில் இருந்துகொண்டே பட்டனை அழுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அண்மையில் ஒரு தம்பி ஓர் உதையை விடுவான், எதிராளி தடுப்பார், இவன் உடனே ஜாப் என்ற வேகமான சிறு குத்தை அழுத்துவான், எதிராளியின் ஜாப் இவன் முகத்தில் விழும். ஆட்டம் முழுக்க இதேதான். "என் ஜாப்பும் 4 ஃப்ரேம்தானே அண்ணா, ஏன் தோற்கிறேன்?" என்று கேட்டான்.

அந்த உதை தடுக்கப்பட்டால் −3. அதாவது இவன் கை கால் விடுபடுவதற்கு 3 ஃப்ரேம் முன்பே எதிராளி விடுபட்டுவிடுகிறார். எதிராளியின் ஜாப் 4-ஆவது ஃப்ரேமில் விழுகிறது. இவனுடையதோ 3-ஐயும் 4-ஐயும் கூட்டி 7-ஆவது ஃப்ரேமில்தான். எதிராளி 8 ஃப்ரேமோ அதற்கு மேலோ எடுக்கும் அடியைத் தேர்ந்தெடுத்தால்தான் இவன் ஜாப் முந்தும். 7 ஃப்ரேம் அடி என்றால் இருவருக்கும் விழும். அவர் ஜாப் அழுத்துவார் என்று தெரிந்தால் தடுத்துக்கொண்டு நிற்பதே சரி.

மைனஸ் என்றாலே அடி விழும் என்று பயப்படுவது

இது எதிர்த்திசைத் தவறு. −3-க்கு உறுதியான தண்டனை கிடையாது, ஏனென்றால் எதிராளியின் ஜாப்புக்கு 4 ஃப்ரேம் வேண்டும், அதற்குள் நீங்கள் தடுத்துவிடலாம். −4 என்றால் மாட்டிக்கொள்வீர்கள். அதுவும் அவர் கை எட்டும் தூரத்தில் இருந்தால்தான். நுனியில் பட்ட −6 அடி தள்ளிவிடும் தூரத்தால் தப்பிப்பதும் உண்டு.

ஆகவே மைனஸ் எண்ணை எதிராளியின் மிக வேகமான அடியோடு சேர்த்தே படிக்க வேண்டும். டெக்கனில் ஜாப்பே பொதுவாக 10 ஃப்ரேம் என்பதால் அங்கே −9 சாதாரணம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் அதே −9 பெரிய தண்டனையை வாங்கித் தரும்.

பழைய பேட்ச்சின் அட்டவணை

வேண்டாம்.

மனக்கணக்கோடு நிறுத்துவது

ட்ரெய்னிங் மோடில், டம்மி அந்த உதையை விட்டுவிட்டு உடனே தடுப்பதுபோல் பதிவு செய்யுங்கள். நீங்கள் உதையைத் தடுத்ததும் ஜாப் விடுங்கள். டம்மிக்கு அடி விழுந்தால் தண்டிக்க முடியும். தடுத்துவிட்டால், முதலில் உங்கள் ஜாப் தாமதமாகவில்லையா என்று பாருங்கள். பிறகு உதையை இன்னும் தள்ளி நின்று வாங்கிப் பாருங்கள், எந்த இடத்திலிருந்து ஜாப் எட்டவில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.