தேடினால் கிடைக்காத பௌதிகவியல்: கையெழுத்துக் குறிப்பைத் தட்டச்சாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளி பற்றிய பாடக் குறிப்பைக் கொப்பியிலிருந்து போனில் படம் எடுத்து, எழுத்துணரியில் போட்டு, வந்ததை ஒருமுறை வாசித்தாயிற்று. பிழை ஏதும் கண்ணில் படவில்லை. ஆனால் “பௌதிகவியல்” என்று தேடினால் ஒன்றுகூட அகப்படவில்லை, “ஊடகம்” என்று தேடினாலும் அதே கதை. தமிழில் எழுத்துணரி விடும் பிழைகளில் மோசமானவை இந்த இனந்தான். திரையில் சரியாகத் தெரியும், உள்ளே வேறு எழுத்து இருக்கும்.

முதல் தவறு படம் எடுக்கும்போதே நடக்கிறது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மூட்டமான நாளில் அறை விளக்கின் கீழ் கொப்பியை விரித்து எடுத்தால் கை நிழல் விழும். ஃபிளாஷ் போட்டால் பேனை மை பளபளத்து வெளுக்கும். சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுப்பதே நல்லது. கூகுள் டிரைவில் படத்தை வலச்சொடுக்கி, Open with > Google Docs கொடுப்பதானால் கோப்பு 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும், எழுத்தின் உயரம் குறைந்தது 10 பிக்செல் வேண்டும் என்பது கூகுளின் சொந்த அறிவுறுத்தல். பலர் இதற்காகப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்குகிறார்கள். அதில் முதலில் அழிவது புள்ளி. “படுகதிர்” “படுகதிர” ஆகிவிடும். சுருக்காமல், பக்கத்தை இரண்டாக வெட்டி ஏற்றுங்கள். Tesseract என்ற எழுத்துணரியின் tam எனும் தமிழ்த் தரவு அச்செழுத்துக்காகப் பயிற்றப்பட்டது. கையெழுத்துக்கு அதை நம்பி நேரத்தைக் கொடுக்க வேண்டாம்.

இனி முக்கியமான விடயம். கொப்பியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
ஒளி நேர்கோட்டில் செல்லும். ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்திற்குச் செல்லும்போது முறிவடையும்.
```

எழுத்துணரி தருவது:

```
ஒளி நோ்கோட்டில் செல்லும். ஓா் உளடகத்திலிருந்து வேறோா் உளடகத்திற்குச் செல்லும்போது முறிவடையும்.
```

“ஓா்” என்பதில் இருப்பது ரகரம் அல்ல, துணைக்கால். வேகமாக எழுதுகிறவர் ரகரத்தின் வாலை விட்டுவிடுவார். அச்சிலும் பல எழுத்துருக்கள் ர், ரி இரண்டையும் வாலில்லாமலே வரைகின்றன. அதனால் இயந்திரம் ரகரத்தையும் துணைக்காலையும் ஒன்றாகப் பார்க்கிறது. “நோ்” இன்னும் தந்திரமானது. ‘நே’யை அடுத்து வந்த துணைக்கால் முன்னாலிருந்த ஏகாரக் குறியோடு சேர்ந்து ஓகாரக் குறியாகிவிட்டது. ஆகவே துணைக்காலும் புள்ளியும் சேர்ந்ததை மட்டும் தேடி மாற்றினால் இது தப்பிவிடும். “பெரிய” “பொிய” ஆவதும் இப்படித்தான்.

நல்ல வேளையாக, உயிர்க்குறிக்குப் பின்னால் புள்ளியோ இன்னோர் உயிர்க்குறியோ தமிழில் வரவே வராது. எனவே கீழுள்ளவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு Replace all கொடுக்கலாம். விசைப்பலகையில் தனிக் குறியை அடிக்க முடியாவிட்டால் இங்கிருந்தே பிரதி எடுத்து ஒட்டுங்கள்.

```
ா்  →  ர்
ாி  →  ரி
ாீ  →  ரீ
ொ்  →  ெர்
ோ்  →  ேர்
ொி  →  ெரி
ோி  →  ேரி
```

இதே துணிச்சலை ளகரத்தில் காட்டினால் வம்பு. “பௌ” என்பதன் கடைசிப் பகுதி ளகரம் போலவே இருப்பதால் “பெளதிகவியல்” என்று வரும். ஊகாரம் “உள” என்று பிரியும். “ஔடதம்” “ஒளடதம்” ஆகும். உடனே “ஒள” எல்லாவற்றையும் “ஔ” ஆக்கினால், ஒளிப் பாடம் முழுக்க “ஒளி” என்ற சொல்லே உடைந்து “ஔி” என்று நிற்கும். “ெள” என்பதை “ௌ” ஆக்கினால் “வெளி”யும் “தெளிவு”ம் போய்விடும். “உள”வை மாற்றினால் “உள்ளது”, “உளவியல்” எல்லாம் கெடும். எனவே இங்கே எழுத்தை மாற்றக்கூடாது, சொல்லை மாற்ற வேண்டும்: பெளதிக → பௌதிக, உளடக → ஊடக. ஒரு பாடத்தில் இப்படிப்பட்ட சொற்கள் பெரும்பாலும் ஒரு கைக்குள் அடங்கும்.

சந்தேகம் வந்தால் கண்ணை நம்பாமல் அம்பு விசையைக் கேளுங்கள். சொல்லின் தொடக்கத்தில் கர்சரை வைத்து ஒருமுறை வலது பக்கம் அழுத்துங்கள். சரியான “பௌ” ஒரே தாவலில் கடந்துவிடும். “பெள” இரண்டு தாவல் கேட்கும்.

மு, ழ, ழு மூன்றும் கையெழுத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ண, ன மயக்கமும் அப்படியே. இவற்றுக்கு விதி கிடையாது, கொப்பியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன மாற்றங்களை முடித்த பிறகு இதைச் செய்யுங்கள். முன்னால் செய்தால், திருத்த வேண்டிய ஏழெட்டு “ா்” குறுக்கே நின்று கவனத்தைக் கெடுக்கும்.