அரைவட்டத்துக்குள் மிகப்பெரிய செவ்வகம்: எதை x என்று வைப்பது?

r ஆரமுள்ள ஓர் அரைவட்டம். அதற்குள், ஒரு பக்கம் விட்டத்தின் மேல் படியும்படி ஒரு செவ்வகம் வரைய வேண்டும். பரப்பு மிக அதிகமாக இருக்க அகலமும் உயரமும் எவ்வளவு? எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான். ஆனால் முதல் வரியில் எதை மாறியாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, கணக்கு இரண்டு வரியிலும் முடியலாம், ஒரு பக்கத்துக்கும் இழுக்கலாம். வகையிடல் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: படம்

அரைவட்டத்தின் மையத்தை ஆதிப்புள்ளியில் வையுங்கள். செவ்வகத்தின் மேல் வலது மூலை வட்டத்தின் மேல் இருக்கிறது. அதை (x, y) என்று குறித்து, மையத்திலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் ஆரம். உடனே ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிடும்:

x² + y² = r²

அகலம் 2x, உயரம் y. ஆகவே A = 2xy.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். முழு அகலத்தை x என்று வைத்துவிட்டு, அதே x² + y² = r² ஐயும் எழுதிவிடுவார்கள். முக்கோணத்தின் அடிப்பக்கம் அகலத்தில் பாதிதான் என்பது அந்த இடத்தில் நழுவிப்போகிறது. அப்படிப் போட்டால் விடை ஒரு சதுரமாக வரும், பரப்பு r²/2 என்று வரும். உங்களுக்குச் சதுரம் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இந்த வரிக்கே திரும்புங்கள். சரியான செவ்வகத்தின் அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு.

முழு அகலத்தை w என்று எடுப்பது தவறில்லை. ஆனால் A = w√(r² − w²/4) என்று வரும்; மூலத்துக்குள் பின்னம் கடைசிவரை கூடவே வரும். பாதி அகலத்தை எடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை.

படி 2: வர்க்கமூலத்தை ஒழிப்பது

y ஐ நீக்கினால் A = 2x√(r² − x²). இதை நேரடியாக வகையிடலாம். பெருக்கல் விதி, சங்கிலி விதி இரண்டும் வேண்டும், பகுதியில் மூலம் வந்து நிற்கும். அதற்குப் பதில் A² ஐ எடுங்கள்:

A² = 4x²(r² − x²)

பரப்பு எதிர்மறை ஆகாது. ஆகவே A எங்கே மிக அதிகமோ, A² உம் அங்கேதான் மிக அதிகம். இந்தக் காரணத்தை விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வர்க்கப்படுத்தியது ஏன் சரி என்ற கேள்வி நிற்கும்.

இப்போது x² = u என்று வைத்தால் A² = 4u(r² − u). சாதாரண இருபடிக் கோவை. u = 0, u = r² இரண்டிலும் பூச்சியம்; உச்சம் நடுவில், u = r²/2 இல். அதாவது x = r/√2, y உம் r/√2. வகையிடவே வேண்டியதில்லை.

படி 3: கோணம்

எனக்குப் பிடித்த வழி இதுதான். நாம் போட்ட ஆரக்கோடு விட்டத்தோடு செய்யும் கோணத்தை θ என்று எடுங்கள். x = r cos θ, y = r sin θ.

A = 2r² sin θ cos θ = r² sin 2θ

sin 2θ இன் உச்சமதிப்பு 1, அது θ = 45° இல். மிகப்பெரிய பரப்பு r². நிபந்தனைச் சமன்பாடு cos, sin க்குள்ளேயே அடங்கிவிடுவதால் நீக்குவதற்கு y என்று ஒன்று மிஞ்சுவதில்லை.

சரிபார்ப்பு

r = 10 செ.மீ. என்று எடுப்போம். அகலம் ஏறத்தாழ 14.14, உயரம் 7.07, பரப்பு 100 ச.செ.மீ. மூலம் வராத ஒரு புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: x = 6, y = 8 என்றால் பரப்பு 2 × 6 × 8 = 96. x = 8, y = 6 என்றாலும் 96. உச்சம் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். x = 7 இல் ஏறத்தாழ 99.98 வருகிறது. படமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜியோஜீப்ராவில் θ க்கு ஒரு நழுவி வைத்து நகர்த்துங்கள். x க்கு வைப்பதைவிட அது நல்லது, 45° இன் இருபுறமும் பரப்பு ஒரே மாதிரி குறைவது கண்ணுக்குத் தெரியும்.

பிற்சேர்க்கை: சுற்றளவு கேட்டால்?

இதைப் படித்தவர்கள் சிலர், சுற்றளவுக்கும் வர்க்கப்படுத்தும் வழியைப் போட்டுச் சிக்கிக்கொண்டார்கள். P = 4x + 2y என்பது கூட்டல்; வர்க்கப்படுத்தினாலும் xy உறுப்பில் மூலம் அப்படியே இருக்கும். அங்கே கோணம்தான் கைகொடுக்கும்:

P = 4r cos θ + 2r sin θ

வகையிட்டுப் பூச்சியமாக்கினால் tan θ = 1/2. அப்போது cos θ = 2/√5, sin θ = 1/√5; அகலம் 4r/√5, உயரம் r/√5, சுற்றளவு 2√5 r. இந்தச் செவ்வகத்தின் அகலம் உயரத்தைப் போல நான்கு மடங்கு. பரப்புக்குக் கிடைத்த 45° ஐ இங்கே போட்டால் சுற்றளவு 3√2 r தான், அதாவது ஏறத்தாழ 4.24r, உச்சமோ 4.47r.