ஒரே தவறான விடைக்கு இரண்டு வழிகள்: பரவளையத்தின் கீழுள்ள பரப்பின் மையம்

y = x² என்ற பரவளையத்துக்குக் கீழே, x அச்சுக்கு மேலே, x = 0 முதல் x = 2 வரை உள்ள பரப்பின் மையம் எங்கே இருக்கிறது? பெங்களூரு அல்சூரில் மாலை நேரத்தில் என்னிடம் படிக்க வரும் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், x̄ அநேகமாக எல்லோருக்கும் சரியாகவே வந்துவிடுகிறது. ȳ கண்டுபிடிக்கும்போதுதான் சறுக்குகிறார்கள். தவறு செய்கிறவர்களின் நோட்டுகளில் பெரும்பாலும் 2.4 என்ற ஒரே எண்தான் இருக்கும். சரியான விடை 1.2. அந்த 2.4 எப்படி வருகிறது, அது ஏன் இவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், இந்தப் பாடத்தின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் சரியான வழி. பரப்பை dx அகலமுள்ள மெல்லிய செங்குத்துப் பட்டைகளாக நறுக்குவோம். x என்ற இடத்தில் நிற்கும் பட்டையின் உயரம் x², ஆகவே அதன் பரப்பு x² dx. மொத்தப் பரப்பு A = ∫₀² x² dx = 8/3. அந்தப் பட்டை முழுவதும் y அச்சிலிருந்து x தொலைவில் இருக்கிறது. எனவே y அச்சைப் பொறுத்த திருப்புத்திறன் ∫₀² x · x² dx = 4. இதை 8/3 ஆல் வகுத்தால் x̄ = 1.5.

இப்போது ȳ. இங்கே பட்டை முழுவதும் x அச்சிலிருந்து ஒரே தொலைவில் இல்லை. அதன் அடி அச்சின் மேல் நிற்கிறது, தலை பரவளையத்தைத் தொடுகிறது. பட்டை ஒரு மெல்லிய செவ்வகம் என்பதால் அதன் மையம் பாதி உயரத்தில், அதாவது x²/2 இல் இருக்கிறது. ஆகவே x அச்சைப் பொறுத்த திருப்புத்திறன் ∫₀² (x²/2) · x² dx = ½ ∫₀² x⁴ dx = 3.2. வகுத்தால் ȳ = 3.2 ÷ (8/3) = 1.2.

தவறு நிகழும் இடம் அந்தப் பாதிதான். x̄ க்கு ∫ x dA என்று எழுதிய கை, அதே வேகத்தில் ȳ க்கு ∫ y dA என்று எழுதிவிடுகிறது. சூத்திரத்தில் குற்றமில்லை. ஆனால் அங்கே உள்ள y என்பது பட்டையின் மையம் இருக்கும் உயரம். வளைவரையின் உயரம் அல்ல. y = x² என்று வளைவரையின் உயரத்தை அப்படியே போட்டால் ∫₀² x⁴ dx = 6.4 என்று வரும். அதை 8/3 ஆல் வகுத்தால் 2.4. பட்டையின் எடை முழுவதும் அதன் உச்சந்தலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

‘½ ஐ மறக்காதே’ என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படம் வரைந்து, ஒரே ஒரு பட்டையைத் தீட்டி, அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் (x, x²/2) என்று எழுதச் சொல்கிறேன். அந்தப் புள்ளியை வைத்துவிட்டவர்களுக்கு ½ தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்த அளவில் முடிந்திருந்தால் இது ஒரு சாதாரணக் கவனப்பிழை. ஆனால் போன பருவத்தில் ஒரு மாணவி நோட்டை நீட்டி, “சார், கிடைமட்டப் பட்டை வைத்தும் போட்டுப் பார்த்தேன். இரண்டு வழியிலும் 2.4 தான் வருகிறது. அப்படியானால் புத்தகத்தில் இருக்கும் விடைதானே தவறு?” என்று கேட்டாள். சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையோடு இரண்டாவது வழியையும் செய்தவள் அவள். அந்த வழியிலும் ஒரு தவறு இருந்தது. அதுவும் கொண்டுபோய் விட்டது 2.4 இல்தான்.

கிடைமட்டப் பட்டையில் நடந்தது இது. y உயரத்தில் dy தடிமனுள்ள பட்டையை எடுத்தால், வளைவரையின் சமன்பாடு x = √y என்று மாறுகிறது. உடனே பட்டையின் நீளம் √y என்று எழுதிவிடுகிறோம். ஆனால் √y என்பது y அச்சிலிருந்து வளைவரை வரை உள்ள நீளம். அந்தப் பகுதி பரவளையத்துக்கு மேலே இருக்கிறது. நமக்கு வேண்டிய பட்டை வளைவரையில் தொடங்கி x = 2 என்ற கோட்டில் முடிகிறது; அதன் நீளம் 2 − √y. இந்த நீளத்தோடு செய்தால் ∫₀⁴ y(2 − √y) dy = 16 − 12.8 = 3.2; பழைய எண்ணே திரும்ப வருகிறது, ȳ = 1.2. மாறாக √y என்று போட்டால் திருப்புத்திறன் 12.8, பரப்பு 16/3, ஆகவே ȳ = 2.4.

மாணவியின் நோட்டில் பரப்பு ஒரு பக்கம் 8/3, மறுபக்கம் 16/3 என்று இருந்தது. அவள் ȳ ஐ மட்டும்தான் ஒப்பிட்டிருந்தாள். இரண்டு வழிகளில் செய்யும்போது முதலில் ஒப்பிட வேண்டியது பரப்பைத்தான். பரப்பே ஒத்துப்போகவில்லையென்றால் நாம் இரண்டு வெவ்வேறு வடிவங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குமேல் வரும் எண்களுக்கு மதிப்பில்லை.

பல பாடநூல்களின் பின்னிணைப்பில் உள்ள அட்டவணையும் இந்தத் தவறுக்குத் துணை போகிறது. அகலம் b, உயரம் h என்று வைத்தால், பரவளையத்துக்குக் கீழுள்ள பகுதிக்கு மையம் (3b/4, 3h/10). மேலுள்ள பகுதிக்கு (3b/8, 3h/5). நம் கணக்கில் h = 4; 3h/5 என்பது சரியாக 2.4. ½ ஐ விட்டவர் அட்டவணையைத் திறந்தால் 3h/5 கண்ணில் படும், ‘சரிதான்’ என்று மூடிவிடுவார். 3/10 இன் இருமடங்கு 3/5 ஆக இருப்பதால் வந்த வினை இது. எனவே அட்டவணையைப் பார்க்கும்போது படத்தில் எந்தப் பகுதிக்கு நிழலிட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்; கூடவே x̄ உம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 1.5 என்பது 3b/4, 2.4 என்பது 3h/5. இரண்டும் ஒரே வரியில் இல்லை.

அட்டவணையே இல்லாமலும் 2.4 ஐ நிராகரிக்கலாம். செங்குத்துப் பட்டைகளின் மையங்கள் எல்லாம் y = x²/2 என்ற வளைவரையின்மேல் இருக்கின்றன. அவற்றில் மிக உயரமானது வலது ஓரப் பட்டையின் மையம். அதன் உயரம் 2. முழுப் பரப்பின் மையம் இந்தப் புள்ளிகளின் எடையிட்ட சராசரி. எந்தச் சராசரியும் தன் மிகப்பெரிய உறுப்பைத் தாண்டாது. ஆகவே ȳ ஒருபோதும் 2 ஐத் தாண்ட முடியாது.

இதையே இன்னும் இறுக்கலாம். y = x²/2 கீழ்நோக்கித் தொய்ந்த வளைவரை என்பதால், அதன்மேல் உள்ள புள்ளிகளின் சராசரி அந்த வளைவரைக்கும் அதன் இரு முனைகளான (0, 0), (2, 2) ஆகியவற்றை இணைக்கும் நாணுக்கும் இடையில்தான் விழும். x̄ = 1.5 இல் வளைவரையின் உயரம் 1.125, நாணின் உயரம் 1.5. ȳ இந்தச் சிறிய இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும். 1.2 இருக்கிறது. தேர்வுத்தாளின் ஓரத்தில் அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

‘(1.5, 2.4) என்ற புள்ளி பரப்புக்கு வெளியே விழுகிறது, எனவே தவறு’ என்றும் சிலர் வாதிடுவார்கள். x = 1.5 இல் வளைவரையின் உயரம் 2.25 தான் என்பதால் அது வெளியே விழுவது உண்மை. ஆனால் அந்த வாதம் மட்டும் போதாது. உட்குழிந்த ஓரமுள்ள வடிவங்களின் மையம் வடிவத்துக்கு வெளியேயும் அமையலாம். பிறைவடிவத் தகடு ஒன்றே சாட்சி. நம் வடிவத்துக்கும் மேல் ஓரம் உட்குழிந்ததுதான்.

கையால் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய திருமண அழைப்பிதழ் அட்டை ஒன்றை எடுத்து, ஓர் அலகுக்கு 5 செ.மீ. என்ற அளவில் வடிவத்தை வரைந்து வெட்டலாம். அகலம் 10 செ.மீ., உயரம் 20 செ.மீ. பரவளையத்தின் முனையிலிருந்து வலப்பக்கம் 7.5 செ.மீ., அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் புள்ளி வைத்து, அதற்குக் கீழே பென்சில் முனையைக் கொடுத்தால் அட்டை படுக்கைவாட்டில் நிற்கும். மடிப்பும் பொன்னெழுத்தும் இல்லாத, ஒரே தடிமனுள்ள பகுதியாகப் பார்த்து வெட்ட வேண்டும்.

பரவளையத்துக்கு மேலே, y = 4 என்ற கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியைக் கேட்டால் வேறொரு தவறு தலைகாட்டுகிறது. மேலே f = 4, கீழே g = x². பட்டையின் நீளம் f − g, அதன் மையத்தின் உயரம் (f + g)/2. இரண்டையும் பெருக்கினால் ½(f² − g²). பலர் இதை ½(f − g)² என்று எழுதுகிறார்கள். முதலாவதைத் தொகையிட்டால் ½ ∫₀² (16 − x⁴) dx = 12.8, ȳ = 2.4, இந்தப் பகுதிக்கு அதுதான் சரி. இரண்டாவதைத் தொகையிட்டால் ஏறத்தாழ 8.53, அதை 16/3 ஆல் வகுத்தால் 1.6. இந்த 1.6 பொருளற்ற எண் அல்ல. பட்டைகள் எல்லாம் y = 4 கோட்டிலிருந்து தொங்குகின்றன; ½(f − g)² அந்தக் கோட்டைப் பொறுத்த திருப்புத்திறனைத் தருகிறது. மேலிருந்து கீழே 1.6 இறங்கினால் 4 − 1.6 = 2.4. எந்தக் கோட்டிலிருந்து அளந்தோம் என்பதை எழுதாமல் விட்டதுதான் இங்கே பிழை.

கடைசியாக, 3b/4 என்ற வாய்பாடு எங்கே செல்லாது என்பதைச் சொல்ல வேண்டும். அது பரவளையத்தின் முனையில் தொடங்கும், முனையில் அச்சைத் தொட்டு நிற்கும் பகுதிக்கு மட்டுமே உரியது. அதே y = x² ஐ x = 1 முதல் 2 வரை எடுத்தால், அகலம் 1 என்பதால் x̄ = 1 + 3/4 = 1.75 என்று எழுதத் தோன்றும். தொகையிட்டுப் பார்த்தால் பரப்பு 7/3, திருப்புத்திறன் 15/4, x̄ = 45/28, அதாவது ஏறத்தாழ 1.61. முனையில் இருந்த கூர்மையான, எடை குறைந்த வால் இங்கே வெட்டப்பட்டுவிட்டது. இடது ஓரத்திலேயே பட்டையின் உயரம் 1 ஆக இருப்பதால், மையம் அவ்வளவு தூரம் வலப்பக்கம் ஒதுங்குவதில்லை. y = x² + 1 போல வளைவரை மேலே தூக்கப்பட்டிருந்தாலும் வாய்பாடு நேரடியாகச் செல்லாது; ஆனால் அங்கே தொகையிடாமலும் தப்பிக்கலாம். அடியில் 2 × 1 செவ்வகம், அதன்மேல் நம் பழைய வடிவம் என்று பிரித்தால், செவ்வகத்தின் மையம் (1, 0.5), மேல்பகுதியின் மையம் (1.5, 2.2). பரப்புகள் 2, 8/3. எடையிட்ட சராசரி எடுத்தால் x̄ ≈ 1.29, ȳ ≈ 1.47. மேல்பகுதியின் உயரத்தை 1.2 என்றே விட்டுவிடாமல் 1 கூட்டி 2.2 ஆக்கியிருக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.