க்ளவுஸ் போட்டும் கை வெடிக்கிறதா? உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

மார்கழிக் குளிரில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பாத்திரம் தேய்க்கிறவர்கள் ரப்பர் க்ளவுஸ் வாங்குகிறார்கள். ஒரே மாதத்தில் கை முன்னைவிட மோசமாகிறது. உடனே சோப்பை மாற்றுகிறார்கள். பல வீடுகளில் கோளாறு க்ளவுஸுக்குள்ளேதான் இருக்கிறது.

ரப்பருக்குள் வியர்வை போக வழியில்லை. கீசர் வெந்நீரில் அரை மணி நேரம் தேய்த்துவிட்டுக் கழற்றினால் தோல் ஊறி வெளுத்து, விரல் நுனி சுருங்கியிருக்கும். ஊறிய தோலில் சோப்பு சுலபமாக இறங்கும். ஈரக் கையோடு மாட்டினாலும், மோதிரத்தோடு மாட்டினாலும் இதே கதைதான். கையைத் துடைத்து, மோதிரத்தைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி, இருபது நிமிடத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வியர்வையை உறிஞ்ச உள்ளே பருத்தி வேண்டும். ரப்பரோடு ஒட்டிய பஞ்சு அதற்குப் போதாது. ஒருமுறை நனைந்தால், மூடுபனி நாளில் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். தனியாக வெள்ளைப் பருத்தி உறை மூன்று, நான்கு ஜோடி வைத்துக்கொண்டு, ஈரமானதுமே மாற்ற வேண்டும். நனைந்த உறையோடு தேய்ப்பது வெறும் ரப்பரைவிடக் கெடுதல். ரப்பரை உள்வெளியாகத் திருப்பி நிழலில் தொங்கவிடுங்கள்; அடுப்பு மேல் காயப்போட்டால் வெடிக்கும். வாரம் ஒருமுறை உள்ளே தண்ணீர் ஊற்றி, வாயை இறுக்கிப் பிழிந்தால் ஊசி ஓட்டை தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, எல்லா அரிப்பையும் 'ரப்பர் அலர்ஜி' என்று ஒரே பெயரில் சொல்வது. லாட்ஜ் சமையலறையில் தேய்க்கும் ஒருவருக்கு இப்படி என்று வையுங்கள்: ஞாயிறு காலை தேய்த்தார், அன்று ஒன்றுமில்லை; செவ்வாய்க்கிழமை புறங்கையிலும், க்ளவுஸ் விளிம்பு முடியும் மணிக்கட்டிலும் சிவந்து பொரிபொரியாக வந்தது. இது பெரும்பாலும் ரப்பர் பாலில் இருக்கும் லேடெக்ஸ் புரதத்தால் வருவதல்ல. ரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் தையூரம் போன்ற ரசாயனங்களால் வருவது. அவர் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் க்ளவுஸுக்கு மாறியும் தீரவில்லை என்றால் வியப்பில்லை, பல நைட்ரைல் க்ளவுஸிலும் அதே வகை ரசாயனங்கள் உண்டு. வினைல் க்ளவுஸும் உள்ளே பருத்தியும் போட்டுப் பார்க்கலாம். உறுதி செய்ய, தோல் டாக்டர் முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்.

போட்ட சில நிமிடத்திலேயே தடிப்பு, தும்மல், கண் அரிப்பு வந்தால் அது லேடெக்ஸ் அலர்ஜியாக இருக்கலாம். மெல்லிய பருத்தி உறை அதற்குப் பாதுகாப்பல்ல, புரதம் ஈரத்தில் ஊடுருவும். பவுடர் போட்ட க்ளவுஸ் இன்னும் மோசம். அந்தப் பவுடரே புரதத்தைக் காற்றில் பரப்பும். இவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் பட்டர் ஃப்ரூட்டும் வாயில் அரிக்கும். பழனி மலையில் இரண்டும் தோட்டத்திலேயே கிடைப்பதால் யாரும் இதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

வெடித்த கையில் நீலகிரித் தைலம் தடவுவது மலையூர்ப் பழக்கம். எரியும், புண் கூடும். வாசனையில்லாத வாஸ்லின் போதும், ஒவ்வொரு முறை கை துடைத்ததும்.