மூலைவிட்டத்தில் 0 வராத பன்னிரு ஸ்வரக் கட்டம்: சரிசெய்த விதம்

எஸ்.எஸ். காலனியில் இருக்கும் அண்ணன் மகள் மேற்கத்திய இசைத் தேர்வுக்குப் படிக்கிறாள். இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ஓபஸ் 25 படைப்பில் பன்னிரண்டு ஸ்வரங்களும் ஒவ்வொரு தடவை மட்டும் வரும் வரிசைக்கு 12-க்கு 12 கட்டம் போட்டவள், "சித்தப்பா, ஒரே தலைகீழ் வரிசையில ஒரு ஸ்வரம் ரெண்டு தடவை வருது" என்று நோட்டை நீட்டினாள்.

முதல் ஸ்வரமான 'ஈ'யை 0 என்று வைத்து அரை ஸ்வரங்களாக எண்ணினால் மேல் வரிசை இது:

```
0 1 3 9 2 11 4 10 7 8 5 6
```

நான் முதலில் பார்த்தது மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு இறங்கும் கோட்டைத்தான். அதில் எல்லாமே 0 ஆக இருக்க வேண்டும். நாலாவது கட்டத்தில் மட்டும் 6 இருந்தது, அப்போ தப்பு நாலாவது வரிசையின் தொடக்கத்தில்தான். இடது ஓரத்தில் இறங்குவது தலைகீழ் வரிசை, மேலே உள்ள ஒவ்வொரு எண்ணையும் 12-இலிருந்து கழித்து எழுதணும் (0 மட்டும் 0 ஆகவே நிற்கும்). 9-க்கு 3 வரணும், அவள் 9-ஐ அப்படியே இறக்கிவிட்டாள். 3-க்கு ஏற்கெனவே 9 வந்துவிட்டதால்தான் இரட்டிப்பு. 3 என்று மாற்றி, அந்த வரிசை முழுக்க மேல் வரிசையோடு 3 கூட்டி, 12-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 12 கழித்து எழுதினோம்: 3, 4, 6, 0... மூலைவிட்டம் சரியாகிவிட்டது.

அப்புறம் வாசிப்பு. இடமிருந்து வலம் மூல வரிசை, வலமிருந்து இடம் அதன் பின்னோக்கு. மேலிருந்து கீழ் தலைகீழ், கீழிருந்து மேல் அதன் பின்னோக்கு. பின்னோக்கு 6-இல் தொடங்கினாலும் அதற்கு R0 என்றே பெயர், R6 இல்லை. எந்த மூல வரிசையைத் திருப்புகிறோமோ அதன் முதல் எண்தான் ஒட்டும். கீழிருந்து மேலே படிக்கும்போதும் பெயர் மேல் உச்சியில் உள்ள எண்ணிலிருந்துதான்.