ஒரே வாசலில் இரண்டு எண்கள்: புகைப்படத்தில் செக் நாட்டை அடையாளம் காண்பது எப்படி?

ஆஸ்திரியாவின் வியன்னா, செக் நாட்டின் பிராகா, ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா மூன்றும் ஒரே பேரரசின் கீழ் வளர்ந்த நகரங்கள். பழைய கட்டடங்களின் முகப்பை மட்டும் பார்த்து எது எந்த ஊர் என்று சொல்வது கடினம். வாசலுக்கு மேலே அறைந்திருக்கும் எண் தகட்டைப் பார்த்தால் வேலை சுலபமாகிவிடும்.

படி 1: தகட்டைத் தேடுங்கள்

கிடைத்த படங்களில் மிகப் பெரிய அளவுள்ளதை எடுத்து, வாசல்களையும் தெருமுனைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தரும் மென்பொருள்களை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அவை 3 இருந்த இடத்தில் அழகான 8 ஒன்றை வரைந்து கொடுக்கும்.

படி 2: எண்களை எண்ணுங்கள்

பிராகா நகர வீட்டில் பெரும்பாலும் இரண்டு தகடுகள் இருக்கும். ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். நீலத் தகட்டில் இருப்பது நாம் அறிந்த தெரு எண்தான். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என வரிசையாகப் போகும். சிவப்புத் தகட்டின் கதை வேறு. 1770இல் மரியா தெரேசா அரசி, படைக்கு ஆள் சேர்க்கும் கணக்கெடுப்புக்காக வீடுகளுக்கு எண் இடச் செய்தார். அந்த முறையின் வழிவந்தது இது. புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு அடுத்தடுத்த எண்கள் கிடைத்ததால், பக்கத்து வீடுகளில் 57, 412 என்று தொடர்பில்லாத எண்கள் நிற்கும். முகவரியில் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுவார்கள்: 587/14. முதலில் வருவது சிவப்பு எண்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிராகாவுக்கு வெளியே தகட்டின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். ஸ்லோவாக்கியாவிலும் இரட்டை எண் முறை உண்டு.

படி 3: தெருப் பலகையைப் படியுங்கள்

பிராகாவில் தெருப் பெயர்ப் பலகை சிவப்பு எனாமல், வெள்ளை எழுத்து. தெருப் பெயருடன் பேட்டையின் பெயரும் "பிராகா 2" என்பது போன்ற வட்டார எண்ணும் இருக்கும். வியன்னாவில் பலகை நீலம். அங்கே வட்டார எண் தெருப் பெயருக்கு முன்னால் வரும். எழுத்துகளின் தலையையும் கவனியுங்கள். ஆர் எழுத்தின் மேல் கொக்கியோ, யு எழுத்தின் மேல் சிறு வளையமோ இருந்தால் செக் மொழி. ஓ எழுத்தின் மேல் கூரை போன்ற குறி இருந்தால், இந்த இரண்டில் அது ஸ்லோவாக் மொழி.

படி 4: அஞ்சல் குறியீடு

கடைக் கண்ணாடி, அறிவிப்பு, வேன் ஆகியவற்றில் தேடுங்கள். இரு நாடுகளிலும் ஐந்து இலக்கம்; மூன்றுக்குப் பின் ஓர் இடைவெளி. செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடாக இருந்தபோது 1973இல் வந்த முறை இது, பிரிந்த பிறகும் மாறவில்லை. அதனால் முதல் இலக்கம் போதும்: 1 முதல் 7 வரை செக், 8, 9, 0 ஸ்லோவாக்கியா. பிராகா மையம் 110 00, பிராட்டிஸ்லாவா 811 01, கோஷிட்ஸே 040 01. சுவீடனும் கிரேக்கமும் இதே இடைவெளியுடன்தான் எழுதுகின்றன என்பதால், குறியீட்டுக்கு முன் மொழியைப் பார்த்துவிடுவது நல்லது. நான்கே இலக்கம் என்றால் ஆஸ்திரியாவை யோசிக்கலாம்.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்

எண்கள் கற்பனையானவை. வாசலில் சிவப்பு 587, நீலம் 14. தெருப் பலகையை மரக்கிளை மறைக்கிறது. கீழே "வினோராடி" என்ற பேட்டைப் பெயர் மட்டும் தெரிகிறது. எதிரே நிற்கும் வேனில் 811 01 என்ற குறியீடு. தகடு பிராகா என்கிறது, வேன் பிராட்டிஸ்லாவா என்கிறது.

வேனில் எழுதியிருப்பது நிறுவனத்தின் முகவரி. வேன் எங்கும் போகும். சுவரில் அறைந்தது போகாது. ஆகவே பிராகா. நினைவுப் பொருளாக விற்கும் பலகைகளும் உண்டு என்பதால், தகடு ஒன்று மட்டும் தெரியும் படத்தில் அது வீட்டு வாசலிலோ தெருமுனையிலோ இருக்கிறதா, உணவகத்தின் உட்சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறதா என்று பாருங்கள்.

தெருப் பெயர் மறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். சிவப்பு எண் ஒரு பேட்டைக்குள் இரண்டாவது முறை வராது. பேட்டைப் பெயரும் அந்த எண்ணும் இருந்தால் வீடு ஒன்றே ஒன்றுதான். செக் வரைபடத் தளமான மாப்பியில் இப்படித் தேடலாம்:

```
Vinohrady 587, Praha
```

வரும் முகவரியில் சாய்கோட்டுக்குப் பின் 14 இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லை என்றால் சிவப்பு எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். 5ஐ 6ஆகவும், 7ஐ 1ஆகவும் மாற்றித் தேடுங்கள். முகவரி பொருந்தினால் தெருக்காட்சியைத் திறந்து வாசல், சன்னல் வரிசை, பலகையின் இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

சிறு கிராமங்களில் இந்த வழி பாதியில் நின்றுவிடும். தெருப் பெயரே இல்லாத ஊர்களில் வீட்டுக்கு ஒரே எண்தான், அதே எண் ஆயிரக்கணக்கான கிராமங்களில் இருக்கும். அங்கே ஊர்ப்பெயர் எழுதிய பலகை வேறெங்காவது கிடைக்காமல் நாட்டுக்கு மேல் நகர முடியாது.